ஒரு ரெக்கார்டை மட்டும் மாற்ற முழு ஃபைலையும் எழுத வேண்டாம்: fseek உண்மையில் என்ன செய்கிறது

சி மொழியில் ஃபைல் கையாளப் பழகும்போது `fseek` என்ற பெயர் சீக்கிரமே வந்துவிடும். "அது மூன்றாவது ரெக்கார்டுக்குப் போகும்", "அது ரெக்கார்டைத் தேடித் தரும்", "அதை வைத்து ரெக்கார்டை மாற்றலாம்" என்றெல்லாம் அதைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றும் பாதி உண்மைதான். `fseek`-க்கு ரெக்கார்டு என்றால் என்னவென்றே தெரியாது. அது எதையும் தேடுவதில்லை, எதையும் மாற்றுவதும் இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே விஷயம், ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பதுதான். எந்த பைட் என்ற கணக்கை நாம்தான் போட்டுக் கொடுக்கிறோம். இது மனதில் பதிந்துவிட்டால், இந்தத் தலைப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

ஐந்து பொருள்கள் கொண்ட ஒரு சின்ன இருப்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்றாவது பொருளின் எண்ணிக்கையை மட்டும், மற்ற நான்கையும் தொடாமல், ஃபைலுக்குள்ளேயே மாற்றிப் பார்ப்போம்.

## சம அளவு ஏன் வேண்டும்

கோடு போட்ட நோட்டு ஒன்றில் விவரங்களை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விவரத்துக்கும் சரியாக நான்கு கோடுகள் ஒதுக்குகிறோம். எழுத வேண்டியது இரண்டு வரிதான் என்றாலும் மீதி இரண்டு கோடுகளைக் காலியாக விட்டுவிடுகிறோம். இப்போது ஆறாவது விவரம் வேண்டுமானால் முதல் ஐந்தைப் படிக்கத் தேவையில்லை. ஐந்து நான்கு இருபது. இருபது கோடுகளைத் தாண்டினால் ஆறாவது அங்கே இருக்கும். அதை அழித்துவிட்டு அதே நான்கு கோடுகளுக்குள் புதிதாக எழுதினால் ஏழாவதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

ஒவ்வொன்றையும் தேவையான நீளத்துக்கு எழுதியிருந்தால் இது நடக்காது. ஆறாவது எங்கே தொடங்குகிறது என்று தெரிய, முதல் ஐந்தும் எங்கே முடிகின்றன என்று பார்த்தாக வேண்டும். ஆறாவதை நீட்டி எழுதினால் ஏழாவதன் மேல் ஏறிவிடும்.

சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் உள்ள சிக்கல் இதுதான். `eraser 25` என்ற வரியில் 25-ஐ 100 ஆக்க வேண்டுமென்றால் ஓர் எழுத்து கூடுகிறது. அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் ஒரு பைட் தள்ளி வைத்தாக வேண்டும். ஃபைலின் நடுவில் இடம் உண்டாக்கித் தரும் செயல்பாடு சி-யில் எதுவும் இல்லை. அதனால் முழு ஃபைலையும் புதிதாக எழுதுவதுதான் வழி.

25 என்ற எண்ணை எழுத்தாக வைக்காமல் `int` ஆக வைத்தால் நிலைமை மாறுகிறது. இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் `int` 4 பைட் எடுத்துக்கொள்ளும். 25 ஆனாலும் 100 ஆனாலும் 20 லட்சம் ஆனாலும் அதே 4 பைட்தான். மதிப்புகளை இப்படி நினைவகத்தில் இருக்கும் வடிவத்திலேயே, எழுத்தாக மாற்றாமல் பதிந்து வைத்திருக்கும் ஃபைலைத்தான் பைனரி ஃபைல் என்கிறோம். அதில் ரகசியக் குறியீடு எதுவும் இல்லை, சுருக்கிப் பொதிவதும் இல்லை. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரிவதற்குக் காரணம், எழுத்தல்லாத பைட்டுகளை எடிட்டர் எழுத்தாகக் காட்ட முயல்வதுதான்.

## ரெக்கார்டும் அதன் முகவரியும்

சேர்ந்தே இருக்க வேண்டிய விவரங்களின் ஒரு தொகுப்புதான் ரெக்கார்டு. சி-யில் அதை `struct` ஆக எழுதுகிறோம்:

```c
struct item {
    int  id;
    char name[20];
    int  qty;
};
```

பொருளின் எண்ணுக்கு 4 பைட், பெயருக்கு 20, இருப்புக்கு 4. மொத்தம் 28. பெயர் `pen` என்று மூன்றே எழுத்தாக இருந்தாலும் 20 பைட்டும் அதற்கு ஒதுக்கப்பட்டதுதான். அந்த வீணாகும் இடம்தான் நமக்குக் கிடைக்கும் வசதிக்கான விலை.

பேனா, பென்சில், அழிப்பான், அளவுகோல், மை என்ற ஐந்து ரெக்கார்டுகளை `fwrite` மூலம் `stock.dat` என்ற ஃபைலில் எழுதிவிட்டோம். ஃபைலின் அளவு 5 × 28 = 140 பைட். தலைப்பு வரி கிடையாது, ரெக்கார்டுகளுக்கு நடுவே புள்ளியோ காற்புள்ளியோ வரி முடிவோ கிடையாது. முதல் ரெக்கார்டின் கடைசி பைட் முடிந்த இடத்திலேயே இரண்டாவது தொடங்குகிறது. எது எங்கே முடிகிறது என்று ஃபைலில் எங்கும் எழுதியிருக்காது. 28 என்ற எண் நம் நிரலில் மட்டுமே இருக்கிறது.

ஃபைலின் முதல் பைட்டின் எண் பூஜ்யம். முதல் ரெக்கார்டு 0-இல் தொடங்குகிறது, இரண்டாவது 28-இல், மூன்றாவது 56-இல். அதாவது n-ஆவது ரெக்கார்டு தொடங்கும் இடம்:

```
(n - 1) × 28
```

தொடக்கத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி என்ற இந்த எண்ணுக்கு ஆஃப்செட் என்று பெயர். அந்த `- 1`-ஐ விட்டுவிட்டால் எல்லாமே ஒரு ரெக்கார்டு தள்ளிப்போகும். மூன்றாவதைக் கேட்டால் நான்காவது வரும், ஐந்தாவதைக் கேட்டால் ஒன்றுமே வராது. இந்தத் தவறைக் கண்டுபிடிக்க, முதல் ரெக்கார்டையும் கடைசி ரெக்கார்டையும் கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. நடுவில் உள்ளவற்றை மட்டும் பார்த்தால் ஏதோ ஒரு பொருள் வருவதால் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

ஒரு லட்சம் ரெக்கார்டுகள் இருந்தாலும் இந்தக் கணக்கு நீளாது. 90,000-ஆவது ரெக்கார்டு 89,999 × 28 = 25,19,972-ஆவது பைட்டில் இருக்கிறது. ஒரே பெருக்கல். முன்னால் உள்ள 89,999 ரெக்கார்டுகளில் ஒன்றைக்கூட நம் நிரல் படிக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எல்லா ரெக்கார்டும் ஒரே அளவு என்றால், எத்தனையாவது என்பதிலிருந்தே எங்கே என்பது கிடைத்துவிடும். இனி அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

## fseek நகர்த்துவது எதை

திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் "அடுத்து படிப்பதோ எழுதுவதோ இந்த பைட்டில்" என்ற ஓர் எண் பராமரிக்கப்படுகிறது. அதை நடப்பு இடம் என்று சொல்லிக்கொள்வோம். ஃபைலை `r+b` முறையில் திறந்ததும் அது 0. `fread` மூலம் 28 பைட் படித்தால் 28 ஆகிவிடும். இன்னொரு 28 படித்தால் 56. எழுதினாலும் அதே கதைதான், எழுதிய அளவுக்கு முன்னே நகரும்.

`fseek` அந்த எண்ணை மட்டும் மாற்றுகிறது:

```c
fseek(fp, 56L, SEEK_SET);
```

`SEEK_SET` என்றால் தொடக்கத்திலிருந்து எண்ணு என்று பொருள். நடப்பு இடத்திலிருந்து எண்ண `SEEK_CUR`, ஃபைலின் முடிவிலிருந்து எண்ண `SEEK_END`. நமக்கு `SEEK_SET` ஒன்றே போதும். மற்ற இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். தொடக்கத்திலிருந்து எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 140 பைட் ஃபைலில் 1000-ஆவது பைட்டுக்குப் போகச் சொன்னாலும் `fseek` பொதுவாக மறுக்காது, வெற்றி என்றே சொல்லும். நடப்பு இடம் 1000 ஆகிவிடும், அவ்வளவே. அங்கே படிக்க முயன்றால் `fread` பூஜ்யம் திருப்பித் தரும். எழுதினாலோ ஃபைல் அதுவரை நீண்டுவிடும். லினக்ஸ் போன்ற கணினிகளில் நடுவில் உள்ள பகுதி பூஜ்ய பைட்டுகளாகத் தெரியும். ஆகவே "அப்படி ஒரு ரெக்கார்டு இருக்கிறதா" என்ற கேள்விக்கு `fseek`-இன் பதிலை நம்பக் கூடாது, `fread`-இன் பதிலைத்தான் பார்க்க வேண்டும்.

## ஃபைலை எந்த முறையில் திறப்பது

இந்த வேலையில் புதியவர்களின் தரவு அதிகம் பறிபோவது இந்தப் படியில்தான். `fopen`-இல் இரண்டாவதாகக் கொடுக்கும் சின்னச் சொல்தான் காரணம்.

நமக்கு வேண்டியது `"r+b"`. இருக்கும் ஃபைலை அப்படியே திற, படிக்கவும் எழுதவும் விடு, பைனரியாக நடத்து என்று அதற்குப் பொருள். `"rb+"` என்று எழுதினாலும் ஒன்றுதான்.

எழுதப்போகிறோமே என்று `"wb"` அல்லது `"w+b"` கொடுத்தால், திறந்த அந்தக் கணமே 140 பைட்டும் போய்விடும். ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம், ஆனாலும் ஃபைல் காலி. அப்புறம் `fseek` செய்து 56-இல் எழுதினால் 84 பைட் ஃபைல் ஒன்று கிடைக்கும். முதல் இரண்டு ரெக்கார்டுகள் வெறும் பூஜ்யங்களாக இருக்கும், நான்காவதும் ஐந்தாவதும் இருக்கவே இருக்காது.

பழையது அழியக் கூடாது என்று `"a+b"` கொடுப்பவர்களும் உண்டு. அதில் எதுவும் அழியாது, ஆனால் மாறவும் மாறாது. அந்த முறையில் `fseek` படிப்பதற்கு மட்டுமே பலன் தரும். எழுதுவது எப்போதும் ஃபைலின் கடைசியில்தான் போய் விழும், நாம் எங்கே நகர்த்தி வைத்திருந்தாலும் சரி. விளைவு: மூன்றாவது ரெக்கார்டு பழையபடியே இருக்கும், திருத்திய பிரதி ஆறாவதாகப் போய் ஒட்டிக்கொள்ளும், ஃபைல் 168 பைட் ஆகும். "எழுதினேன், பிழை எதுவும் வரவில்லை, ஆனால் மாறவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். ஒரு ரெக்கார்டு அளவுக்குக் கூடியிருந்தால் காரணம் இதுதான்.

`"r+b"` முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஃபைல் ஏற்கெனவே இருக்க வேண்டும், இல்லையென்றால் `fopen` `NULL` தரும். எனவே முதல் தடவை `"wb"` கொண்டு உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகு எப்போதும் `"r+b"` என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

## மூன்றாவது ரெக்கார்டை மாற்றுவோம்

அழிப்பானின் இருப்பு 25. அதை 10 ஆக்க வேண்டும். போ, படி, மாற்று, திரும்பிப் போ, எழுது என்ற ஐந்து படிகள். நான்காவது படியைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

```c
int update_qty(FILE *fp, long n, int newqty)
{
    struct item r;
    long pos = (n - 1) * (long)sizeof r;

    if (n < 1) return 0;
    if (fseek(fp, pos, SEEK_SET) != 0) return 0;
    if (fread(&r, sizeof r, 1, fp) != 1) return 0;

    r.qty = newqty;

    if (fseek(fp, pos, SEEK_SET) != 0) return 0;
    if (fwrite(&r, sizeof r, 1, fp) != 1) return 0;
    return fflush(fp) == 0;
}
```

`update_qty(fp, 3, 10)` என்று அழைக்கிறோம். `pos` 56 ஆகிறது. முதல் `fseek` நடப்பு இடத்தை 56-இல் வைக்கிறது. `fread` 28 பைட்டுகளை `r`-க்குள் கொண்டுவருகிறது. இப்போது `r.qty` 25. அதை 10 ஆக்குகிறோம். இது நினைவகத்தில் இருக்கும் பிரதியில் மட்டும் நடந்த மாற்றம், ஃபைலில் இன்னும் 25-தான் இருக்கிறது.

இப்போது நடப்பு இடம் எது? 56 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 28 பைட் படித்துவிட்டோமே, அதனால் அது 84. அதாவது நான்காவது ரெக்கார்டின் வாசல். இரண்டாவது `fseek` இல்லாமல் அப்படியே `fwrite` செய்தால் பெரும்பாலும் அளவுகோலின் மேல் அழிப்பான் எழுதப்பட்டுவிடும். மூன்றாவது மாறியிருக்காது, நான்காவது தொலைந்திருக்கும். பட்டியலில் ஒரே பொருள் அடுத்தடுத்து இருமுறை வந்து, முதலாவதில் பழைய எண்ணும் இரண்டாவதில் புதிய எண்ணும் இருந்தால், விட்டுப்போனது இந்த `fseek`-தான்.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரே ஃபைலில் படித்த உடனே எழுதுவதற்கு முன் இடத்தை நகர்த்தும் அழைப்பு ஒன்று நடுவில் வர வேண்டும் என்பது சி மொழியின் விதி. படித்தது ஃபைலின் முடிவைத் தொட்டிருந்தால் மட்டும் அதற்கு விலக்கு. எழுதியதும் படிக்க வேண்டுமானால் நடுவில் `fflush` அல்லது `fseek` வர வேண்டும். விதியை மீறினால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை. ஒரு கணினியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் நடக்கலாம். நம் இரண்டாவது `fseek` இந்த விதியையும் சேர்த்தே நிறைவேற்றிவிடுகிறது.

கடைசியில் வரும் `fflush` எதற்கு? `fwrite` சொன்னவுடன் பைட்டுகள் ஃபைலுக்குப் போய்விடுவதில்லை. நிரலுக்குள் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்ந்து காத்திருக்கும். `fflush` அல்லது `fclose` நடக்கும்போது இயக்க முறைமையிடம் ஒப்படைக்கப்படும். அதற்குள் நிரல் நொறுங்கினால் மாற்றம் தொலையும். வேறொரு ஜன்னலில் அதே ஃபைலைத் திறந்து பார்த்து "ஏன் இன்னும் 25 காட்டுகிறது" என்று குழம்புவதற்கும் இந்தப் பஃபர்தான் காரணம்.

சரி, இந்தப் பகுதியின் சாரம்: படிப்பது நடப்பு இடத்தை முன்னே தள்ளிவிடும். அதே ரெக்கார்டின் மேல் எழுத வேண்டுமானால் அதே ஆஃப்செட்டுக்கு மறுபடியும் போக வேண்டும்.

## கண்ணால் பார்த்து உறுதிசெய்வது

நிரல் சொல்வதை நிரலைக் கொண்டே சரிபார்த்தால் ஒரே தவறு இரு பக்கமும் இருந்து மறைந்துபோகலாம். பைட்டுகளை நேரடியாகப் பார்ப்பது நல்லது. லினக்ஸில் `hexdump -C stock.dat` என்று கொடுத்தால், மாற்றத்துக்கு முன் நமக்கு வேண்டிய பகுதி இப்படி இருக்கும். வலப்பக்க எழுத்துப் பகுதியை இங்கே விட்டிருக்கிறேன்:

```
00000030  00 00 00 00 28 00 00 00  03 00 00 00 65 72 61 73
00000040  65 72 00 00 00 00 00 00  00 00 00 00 00 00 00 00
00000050  19 00 00 00 04 00 00 00  72 75 6c 65 72 00 00 00
```

இடப்பக்கம் உள்ளது ஆஃப்செட், பதினாறடிமான எண்ணில். ஒவ்வொரு வரியிலும் 16 பைட். முதல் வரி `30`, அதாவது 48-இல் தொடங்குகிறது. 48-இலிருந்து எட்டு தள்ளினால் 56. அங்கே `03 00 00 00` இருக்கிறது, மூன்றாவது பொருளின் எண். அதைத் தொடர்ந்து `65 72 61 73 65 72`, `eraser` என்ற எழுத்துகள். பிறகு பெயருக்கு ஒதுக்கியதில் மீதமுள்ள 14 பூஜ்யங்கள். மூன்றாவது வரியின் தொடக்கத்தில், 80-ஆவது பைட்டில், `19 00 00 00`. பதினாறடிமான 19 என்பது 25. சிறிய பைட் முதலில் வருவதால் 19 முன்னால் நிற்கிறது. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் வரிசை இதுதான்.

மாற்றத்துக்குப் பின் மறுபடி பார்த்தால், அந்த `19` மட்டும் `0a` ஆகியிருக்க வேண்டும். 28 பைட்டும் மறுபடி எழுதப்பட்டன, ஆனால் 27 பைட்டுகளில் இருந்ததே திரும்ப எழுதப்பட்டது. ஃபைலின் அளவு அதே 140. வேறு எந்த பைட்டாவது மாறியிருந்தால் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது.

## `b` விட்டுப்போனால் என்ன ஆகும்

25-ஐ 10 ஆக்கும் உதாரணத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 10 என்ற மதிப்பின் பைட் `0A`. டெக்ஸ்ட் ஃபைலில் அதே பைட்தான் வரி முடிவைக் குறிக்கிறது.

லினக்ஸில் `b` போட்டாலும் விட்டாலும் வித்தியாசம் இல்லை. விண்டோஸில் அப்படியல்ல. அங்கே `"r+"` என்று மட்டும் திறந்தால் ஃபைல் டெக்ஸ்டாக நடத்தப்படும். எழுதும்போது வரும் ஒவ்வொரு `0A`-வும் `0D 0A` என்ற இரண்டு பைட்டாக மாறும். நாம் எழுதிய `0A 00 00 00` ஃபைலில் `0D 0A 00 00 00` ஆகிறது. நான்கு பைட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. ஐந்தாவது பைட் 84-இல் விழுகிறது, அதாவது அளவுகோலின் எண்ணான `04` இருந்த இடத்தில். அது `00` ஆகிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், நாம் மாற்றிய மூன்றாவது ரெக்கார்டை அதே டெக்ஸ்ட் முறையில் படித்தால் சரியாக 10 என்றே வரும், ஏனென்றால் படிக்கும்போது `0D 0A` மறுபடி `0A` ஆக மாறிவிடுகிறது. கெட்டுப்போனது பக்கத்தில் இருப்பது. பைனரியாகத் திறந்து பார்த்தால் இருப்பு 2573 என்று காட்டும். அது `0D 0A 00 00` என்ற நான்கு பைட்டின் மதிப்பு. 2573 என்ற எண்ணை எங்கேயாவது கண்டால் விட்டுப்போன `b`-ஐத் தேடுங்கள்.

எண்ணிக்கை 9 ஆகவோ 11 ஆகவோ இருந்திருந்தால் எந்தக் கோளாறும் தெரிந்திருக்காது. அதனால்தான் இந்தப் பிழை பல நாள் ஒளிந்திருந்து, "சில நேரம் மட்டும் கெட்டுப்போகிறது" என்ற தோற்றத்தைத் தருகிறது. லினக்ஸில் மட்டுமே ஓட்டுவதாக இருந்தாலும் `b`-ஐ எழுதிவிடுங்கள்.

## பெயருக்கான 20 பைட்டும் தமிழும்

`char name[20]` என்பதை 20 எழுத்து என்று படிக்கக் கூடாது, அது 20 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அங்கே இந்த வேறுபாடு தெரியாது. தமிழில் உடனே தெரிந்துவிடும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். உயிர்மெய்யின் துணைக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும்.

"பேனா" நான்கு குறி, 12 பைட். எளிதாக அடங்கும். "பென்சில்" எட்டுக் குறி, 24 பைட். முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 25. 20 பைட்டில் அடங்காது.

`strcpy` போட்டு நகலெடுத்தால் மிஞ்சும் 5 பைட்டுகள் அடுத்து இருக்கும் `qty`-யின் நான்கு பைட்டுகளையும் மிதித்துவிட்டு `struct`-க்கு வெளியேயும் ஒன்று போய்விடும். `snprintf(r.name, sizeof r.name, "%s", s)` என்று எழுதினால் 19 பைட்டோடு நின்றுவிடும், முடிவுக் குறியும் இருக்கும். ஆனால் 19 என்பது மூன்றால் வகுபடாது. ஆறு குறிகள் முழுதாக வந்து, ஏழாவதன் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் "பென்சி"-க்குப் பிறகு ஒரு கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். தமிழ்ப் பெயர்களை வைக்கப்போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே 60, 80 பைட் என்று தாராளமாக ஒதுக்குவது நல்லது. பிறகு கூட்டுவது ஏன் கடினம் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

பெயரை `char *name` என்று வைத்தால் இந்தத் தொல்லை தீருமே என்று தோன்றலாம். தீராது. அப்போது ஃபைலில் பதிவது பெயர் அல்ல, அந்தப் பெயர் அன்றைக்கு நினைவகத்தில் எங்கே இருந்தது என்ற முகவரி. நிரலை மூடித் திறந்தால் அந்த முகவரிக்கு அர்த்தம் இல்லை.

## நீக்குவதும் வடிவத்தை மாற்றுவதும்

இந்த முறையில் மாற்றுவது எளிது, கடைசியில் சேர்ப்பதும் எளிது. நடுவிலிருந்து நீக்குவதற்குத்தான் நேரான வழி இல்லை. ஃபைலின் நடுவே இருந்து 28 பைட்டை உருவி எடுக்க முடியாது. வழக்கமாகச் செய்வது, ரெக்கார்டில் "நீக்கப்பட்டது" என்று ஓர் அடையாளம் வைத்துவிடுவது. பட்டியலிடும்போது அதைத் தாண்டிவிடலாம், புதிதாக ஒன்று வரும்போது அந்தக் காலி இடத்தில் எழுதலாம்.

அந்த அடையாளத்துக்காக `struct`-இன் கடைசியில் `char deleted;` என்று ஒரு பைட் சேர்க்கிறோம் என்று வையுங்கள். அளவு 29 ஆகும் என்று எதிர்பார்ப்போம். `sizeof` கேட்டால் பெரும்பாலும் 32 என்று வரும். `int` நான்கின் மடங்கான முகவரியில் இருப்பது செயலிக்கு வசதி என்பதால், கம்பைலர் கடைசியில் 3 பைட்டை வெறுமனே நிரப்பி வைக்கிறது. இந்த நிரப்புதலுக்கு பேடிங் என்று பெயர். அளவைக் கையால் கூட்டி 29 என்று எழுதாமல் எப்போதும் `sizeof`-ஐயே கேட்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இப்போது புதிய நிரலால் பழைய `stock.dat`-ஐத் திறந்தால்? முதல் பொருளின் எண்ணும் பெயரும் இருப்பும் சரியாக வரும். ஆனால் அதன் `deleted` இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது பொருளின் எண் இருக்கும். அது பூஜ்யம் அல்ல என்பதால் பேனா நீக்கப்பட்டதாகவே தெரியும். இரண்டாவது ரெக்கார்டை 28-க்குப் பதில் 32-இல் தேடுவதால் அங்கிருந்து எல்லாம் குப்பை. ஃபைலின் அளவை ரெக்கார்டின் அளவால் வகுத்துப் பார்த்தால் இது உடனே பிடிபடும்: 140-ஐ 32-ஆல் வகுத்தால் மீதி 12 வருகிறது. திறந்தவுடன் `SEEK_END`-க்குப் போய் `ftell` மூலம் அளவை வாங்கி இந்த மீதியைச் சோதித்து, பூஜ்யம் இல்லையென்றால் எதையும் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். ஆனால் மீதி பூஜ்யம் வந்துவிட்டது என்பதாலேயே வடிவம் சரி என்று ஆகிவிடாது. எட்டுப் பழைய ரெக்கார்டுகள் இருந்தால் 224 பைட். அது 32-ஆல் மீதியின்றி வகுபடும்.

பழைய ஃபைலைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுவர, பழைய `struct`-ஐ வேறு பெயரில் நிரலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்து, `memset` மூலம் பூஜ்யமாக்கிய புதிய `struct`-இல் நிரப்பி, வேறு ஒரு ஃபைலில் எழுத வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பழையதன் இடத்தில் புதியதை வைக்கலாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் முழு ஃபைலையும் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.